தார்மேல் ஒரு கறுப்புத் தடம்

நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஓரிடத்தில் தார்மேல் இரண்டு கறுப்புத் தடங்கள் திடீரென்று தொடங்கும். ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இணையாகவே ஓடும், கடைசியில் கொஞ்சம் வளையும், அப்புறம் முடிந்துபோகும். யாரோ ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்த இடம் அது. மிதித்த மிதியில் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. உருளாத டயர் தார்மேல் தேய்ந்துகொண்டே போனதில் விழுந்த கோடு அது.

அப்படி ஒரு தடம் 36 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நடக்கும் ஒருவருக்கு 48 எட்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஒரு கார், நன்றாகக் காய்ந்த சமதளத் தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கி நின்றால், ஏறக்குறைய இந்த நீளத்துக்குத்தான் தடம் விழும். அந்தத் தடத்தின் ஓரமாக மனத்தளவில் நடந்து பாருங்கள். எத்தனையாவது எட்டில் காரின் வேகம் பாதியாகி 40-க்கு வந்திருக்கும்?

நடுவில், 24-ஆவது எட்டில் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது காரின் வேகம் இன்னும் 57 கிலோமீட்டர். வேகம் 40-க்கு இறங்குவது 36-ஆவது எட்டில். முக்கால்வாசித் தடம் முடிந்த பிறகுதான் பாதி வேகம் குறைகிறது. மீதிப் பாதி கடைசி 12 எட்டில், வெறும் 9 மீட்டரில், கரைந்துபோகிறது.

அதே கார் தொடக்கத்திலேயே 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் அந்தக் கடைசி 9 மீட்டர் மட்டும்தான் மொத்தத் தடமும். 40-க்கு 9 மீட்டர், 80-க்கு 36. வேகம் இரண்டு மடங்கானால், நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிவிடுகிறது.

இந்த நான்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பிரேக் போடுவதை ஒரு கணக்குத் தீர்ப்பதாகப் பார்க்கலாம். நின்றிருந்த காரை எஞ்சின் தள்ளித் தள்ளி ஓடவைத்தது. அந்த உழைப்பெல்லாம் ஓடும் காருக்குள் இயக்க ஆற்றலாகச் சேர்ந்திருக்கிறது. கார் நிற்க வேண்டுமானால் அத்தனையையும் யாராவது எடுத்தாக வேண்டும். எடுப்பது உராய்வு. டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு விசை, காரைப் பின்னோக்கி இழுத்தபடியே கூட வருகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் ‘வேலை’ என்று படித்தோம். உராய்வு செய்யும் வேலையும் காரின் இயக்க ஆற்றலும் எந்த இடத்தில் சரிக்குச் சரியாகின்றனவோ, அங்கே கார் நிற்கும்.

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். காய்ந்த தாரில், பூட்டிக்கொண்ட டயர் அதன் எடையில் சுமார் பத்தில் ஏழு பங்கு விசையோடு காரைப் பின்னுக்கு இழுக்கும். இந்த விசை, வேகத்தைப் பார்த்துப் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆகவே உராய்வு எடுத்துக்கொள்ளும் ஆற்றல் மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே அளவாக இருக்கிறது. இந்தக் காருக்கு அது மீட்டருக்கு 6,860 ஜூல். கார் 80-ல் போனாலும் 20-ல் போனாலும் அதே அளவுதான்.

இனிக் காரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 61,700 ஜூல். 80-ல் 2,46,900 ஜூல். இந்த எண்கள் மனத்தில் நிற்காது என்றால் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: 40-ல் ஓடும் காரின் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கினால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். 80-ல் ஓடும் காரின் ஆற்றல் நான்கு டம்ளரைக் கொதிக்கவைக்கும். அந்த வெப்பம் நிஜமாகவே வெளிப்படுகிறது. சக்கரம் பூட்டிச் சறுக்கினால் டயரும் தாரும் சூடேறுகின்றன. அந்தக் கறுப்புக் கோடே அந்தச் சூட்டின் விளைவுதான். சக்கரம் பூட்டாமல் சுழன்றபடியே வேகம் குறைந்தால், வெப்பத்தில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சேர்கிறது.

இருப்பு நான்கு மடங்கு, எடுப்பதோ மீட்டருக்கு ஒரே அளவு. எனவே நான்கு மடங்கு மீட்டர்கள் வேண்டியிருக்கிறது. இதை ஒரே வரியில் எழுதினால்:

½mv² = μmgd

இடப்பக்கம் காரின் இயக்க ஆற்றல், வலப்பக்கம் உராய்வு செய்யும் வேலை. v வேகம், d நிற்கும் தூரம், μ சாலையின் பிடிப்பைச் சொல்லும் எண், m காரின் நிறை, g புவியீர்ப்பு. வேகத்தின் தலைமேல் இருக்கும் அந்தச் சின்ன 2-ல்தான் எல்லாம் இருக்கிறது. தூரத்தின் மேல் அப்படி எதுவும் இல்லை.

சமன்பாட்டைப் பார்த்ததும் மனம் அடங்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஆற்றல் ஏன் வேகத்தின் வர்க்கமாக இருக்க வேண்டும், ஏன் வேகத்தோடு நேராகக் கூடக்கூடாது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்குப் பதில் அந்தத் தடத்திலேயே இருக்கிறது. இந்த முறை எட்டுகளை எண்ணாமல் நொடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே அளவான விசை இழுக்கும்போது, ஒவ்வொரு நொடியிலும் ஒரே அளவு வேகம்தான் குறையும். நம் காருக்கு நொடிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகம் குறைகிறது. 80-லிருந்து 40-க்கு வர 1.6 நொடி, 40-லிருந்து நிற்க இன்னொரு 1.6 நொடி. நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு பாதிகளும் சமம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் நேரமும் இரண்டு மடங்குதான் ஆகிறது. நம் மனக்கணக்கு பிசகாமல் இருப்பது இதுவரைக்கும்தான்.

ஆனால் முதல் 1.6 நொடியில் கார் 80-க்கும் 40-க்கும் இடையில் ஓடுகிறது, சராசரி 60. இரண்டாவது 1.6 நொடியில் 40-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில், சராசரி 20. சம நேரத்தில் மும்மடங்கு வேகம் என்றால் மும்மடங்கு தூரம். அதனால் முதல் பாதிக்கு 27 மீட்டர், இரண்டாவது பாதிக்கு 9 மீட்டர். நேரத்தில் ஒரு இரட்டிப்பு, சராசரி வேகத்தில் இன்னொரு இரட்டிப்பு, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு நான்காகின்றன. வேகமாகப் போகும் வண்டி அதிக நேரம் ஓடுகிறது, ஓடும் நேரமெல்லாம் அதிகத் தூரத்தையும் விழுங்குகிறது. வர்க்கம் என்பது இதுதான். ஓட்டுபவரின் உடம்பு பிரேக் போடுவதை நொடிகளாக உணர்கிறது. முன்னால் நிற்கும் ஆட்டுக்கும் பிள்ளைக்கும் மீட்டர்தான் கணக்கு.

இந்த நேரமா தூரமா என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பாவின் பெரிய மூளைகள் இதில் பல்லாண்டுகள் மோதிக்கொண்டன. ஓடும் பொருளின் ‘பலம்’ நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று தெகார்த்தைப் பின்பற்றியவர்கள் சொன்னார்கள். வேகத்தின் வர்க்கத்தைத்தான் பெருக்க வேண்டும் என்று 1686-ல் லைப்னிட்ஸ் எழுதினார். வாதம் வாய்ச்சண்டையாகவே நீண்டது. பிறகு நெதர்லாந்தின் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த கிராவசாண்ட் என்பவர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்மேல் போட்டுப் பார்த்து, 1722-ல் முடிவை வெளியிட்டார்.

இரண்டு மடங்கு வேகத்தோடு ஒரு குண்டு மண்ணில் விழ வேண்டுமானால், அதை நான்கு மடங்கு உயரத்திலிருந்து விட வேண்டும். இது கலிலியோ காலத்திலேயே தெரிந்த செய்தி. அப்படி விழுந்த குண்டு களிமண்ணில் உண்டாக்கிய பள்ளம் இரண்டு மடங்காக இல்லை, நான்கு மடங்காக இருந்தது. களிமண் விழும் குண்டைத் தடுத்து நிறுத்தியது. தார்ச்சாலை நம் காரைத் தடுத்து நிறுத்துகிறது. ஓடுவதைத் தடுத்து நிறுத்த எவ்வளவு தூரம் ஆகிறது என்று கேட்டால், அங்கும் இங்கும் விடை வேகத்தின் வர்க்கம்தான். பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து ஷாத்தலே 1740-ல் எழுதிய இயற்பியல் நூலில் இந்தக் கட்சியின் பக்கம் நின்று வாதாடினார். ‘வேலை’ என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநாட்டி, அந்த அரையையும் சேர்த்து, நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கொரியோலி. அது 1829. தெகார்த் கட்சியும் தோற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. நிற்கும் நேரத்தைக் கேட்டால் அவர்கள் பெருக்கல்தான் சரியான விடை தரும். இரண்டு கட்சியும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன.

சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள். நிறை இரண்டு பக்கமும் இருக்கிறது, அடிபட்டுப்போகிறது. பாரம் கூடினால் அடக்க வேண்டிய ஆற்றல் கூடும். ஆனால் டயரைத் தாரோடு அழுத்தும் எடையும் அதே விகிதத்தில் கூடுவதால் உராய்வும் கூடும். ஆளில்லாத காரும் ஐந்து பேர் ஏறிய காரும், சக்கரம் பூட்டும் அளவுக்குப் பிரேக் வேலை செய்தால், ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் நிற்கும். மழையில் தாரின் பிடிப்பு குறையும். பத்தில் ஏழு பங்கு என்பது பத்தில் நான்கு பங்கானால் 40-க்கு 16 மீட்டர், 80-க்கு 63 மீட்டர். இரண்டும் நீண்டாலும் நான்கு மடங்கு உறவு அப்படியே இருக்கிறது.

பாரம் அடிபட்டுப்போகிறது என்பது ஏட்டளவில் சரி, பாரவண்டி ஓட்டுகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரேக் தன் முழு விசையையும் தரும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அது தவறும் இடம் மலை இறக்கம். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையில் உள்ள தொப்பூர் கணவாய் லாரி விபத்துகளுக்குப் பெயர்போனது. 20 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்றால், புவியீர்ப்பு அதற்குத் தரும் ஆற்றல், 40 கிலோமீட்டர் வேகத்தில் அதனிடம் இருக்கும் ஆற்றலைப் போல் 16 மடங்கு. வேகம் 40-ஐத் தாண்டாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தப் பிரேக் 40-லிருந்து 16 தடவை அடுத்தடுத்து நிறுத்திய சூட்டைத் தாங்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்திய சூடு. டிரம் காய்ந்து, லைனிங் பிடிப்பை இழந்து, எரிந்த வாடை வரும். மிதித்தால் மிதி இறங்கும், வண்டி இறங்குவது நிற்காது. இந்த நிலையில் நான்கு மடங்கு என்ற கணக்கே செல்லாது, எத்தனை மடங்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். கியரில் இருந்தால் ஆற்றலின் ஒரு பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப்பங்கும் டிரம்மின் தலையில் விழும்.

சமதளத்துக்கே வருவோம். தடம் தொடங்குவதற்கு முன்னாலேயே கார் கொஞ்சம் தூரம் ஓடியிருக்கிறது. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால், 40 வேகத்தில் 11 மீட்டர், 80-ல் 22 மீட்டர். இந்தத் தூரம் இரண்டு மடங்குதான் ஆகிறது, ஏனென்றால் அந்த ஒரு நொடியில் உராய்வு இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் சாலை விதி நூலில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். மணிக்கு 20 மைல் வேகத்தில் யோசிக்கும் தூரம் 6 மீட்டர், பிரேக் தூரம் 6 மீட்டர். 40 மைலில் யோசிக்கும் தூரம் 12, பிரேக் தூரம் 24. ஒரே வரிசையில் ஒன்று இரட்டிக்க, பக்கத்தில் மற்றது நான்கு மடங்காகிறது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நிகழ்வைப் பார்க்கலாம். ஊருக்குள் ஒரு தெரு. 20 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது. 40-ல் வரும் கார் யோசிக்க 11, நிறுத்த 9, ஆக மொத்தம் 20 மீட்டரில், பிள்ளைக்கு நூலிழை முன்னால் நின்றுவிடுகிறது. பக்கத்தில் அதே நேரத்தில் 50-ல் வந்த கார் என்னவாகும்? பத்து கிலோமீட்டர்தானே கூடுதல், ஏதோ மெல்லத் தட்டியிருக்கும் என்று தோன்றும். அந்தக் கார் யோசிக்கும் நொடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்குக்கு மிச்சமிருப்பது 6 மீட்டர். அந்த 6 மீட்டரில் உராய்வு எடுக்கக்கூடியதை எடுத்த பிறகும், பிள்ளை நிற்கும் இடத்தை அது 38 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பு இல்லை.

விபத்தை ஆராய்கிறவர்கள் இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, தடத்தின் நீளத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். சாலையின் பிடிப்பை ஊகித்துக்கொள்ளாமல், அதே இடத்தில் ஒரு காரைத் தெரிந்த வேகத்தில் ஓட்டி, பிரேக் போட்டுச் சறுக்கவிட்டு அளந்துகொள்வது நல்ல முறை. அப்படி வரும் விடை எப்போதும் ‘குறைந்தபட்சம் இவ்வளவு வேகம்’ என்பதுதான். சக்கரம் பூட்டித் தடம் விழுவதற்கு முன்பே கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும், அது தடத்தில் தெரியாது. ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் சக்கரம் பூட்டாததால் தடமே மங்கலாகத்தான் விழும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, வேகங்களைக் கூட்டப் பழகிய மனம் அதில் மாட்டிக்கொள்ளும். ஒரு தடம் 27 மீட்டர் ஓடி, ஒரு புளியமரத்தடியில் முடிகிறது. காரின் முன்பக்கம் நசுங்கியிருக்கும் அளவைப் பார்த்து, மரத்தில் மோதியபோது வேகம் 40 இருந்திருக்கும் என்று முடிவு செய்கிறார்கள். 27 மீட்டர் தடம் மட்டும் என்றால், நம் சாலையில் அதற்குரிய வேகம் 69. அப்படியானால் கார் வந்த வேகம் 69-ம் 40-ம் சேர்ந்து 109 என்று சொல்லத் தோன்றும். கூட்ட வேண்டியது ஆற்றலை. தார் எடுத்தது ஒரு பங்கு, மரமும் நசுங்கிய தகடும் எடுத்தது ஒரு பங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் வர்க்கங்களைக் கூட்டுகிறோம்: 69-இன் வர்க்கம் சுமார் 4,800, 40-இன் வர்க்கம் 1,600, கூட்டினால் 6,400. அதன் வர்க்கமூலம் 80. கார் 80-ல் வந்திருக்கிறது.

நாம் நடந்து பார்த்த அதே தடம்தான் இது, 36-ஆவது எட்டில் மரம் குறுக்கே நின்றுவிட்டது. 69-ல் வந்திருந்தால் மரத்தை ஒட்டி நின்றிருக்கும். கூடுதலாக இருந்த 11 கிலோமீட்டர் வேகம், மரத்தடியில் 40 கிலோமீட்டர் வேகமாக மிஞ்சியது. 80-ல் வந்த அதே காருக்கு, மரம் இன்னும் 12 எட்டு தள்ளி இருந்திருந்தால், பம்பரில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.